நிரையும் நிரலும்: பழைய அச்சுப் பக்கங்களை ஒப்பமாக்கும் கணிப்பிலே உழைப்புச் சிக்கனமும் அதன் எல்லையும்

மலிவான தாளிலே அச்சிடப்பெற்ற பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்று வருடியினாற் படிமமாக்கப்படும்போது எழுத்துக்கள் மட்டும் பதிவாவதில்லை. தாளின் நார்களும், மை தெறித்த துகள்களும், தூசியும் எழுத்துக்களோடு சேர்ந்தே பதிவாகின்றன. அப்பக்கத்தை எழுத்துணரி கொண்டு வாசிக்க வேண்டுமாயின், ஒவ்வோரிடமும் மையா வெறுந்தாளா என்று தீர்மானிக்கப்படல் வேண்டும். அத்தீர்மானத்துக்கு முன்னர், துகள்களை மங்கச் செய்யும்பொருட்டு, படிமத்தை ஒப்பமாக்குதல் வழக்கமாகும்.

இவ்வொப்பமாக்கலை ஒரே முறையிற் செய்வதற்குப் பதிலாக, முதலிற் கிடையாகவும் பின்னர் நிலைக்குத்தாகவும் இரண்டு ஓட்டங்களாகப் பிரித்துச் செய்யலாம். விடை மாறாது, வேலை குறையும். அது எவ்வாறு இயலுகின்றது, மிஞ்சும் உழைப்பு எவ்வளவு, அந்த மிச்சம் நம்மை எங்கே தவறவிடக்கூடும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. படிமமும் நிறையட்டவணையும்

எண்ணிமப் படிமம் என்பது சிறு கட்டங்களாலான ஓர் அட்டவணையாகும். பிக்சல் என வழங்கும் இக்கட்டம் ஒவ்வொன்றிலும் ஓர் எண் உண்டு. கணக்கின் எளிமை கருதி, வெறுந்தாளுக்கு 0 எனவும் முழு மைக்கு 256 எனவும் கொள்வோம். கிடையாகச் செல்லும் வரிசையை நிரை என்றும், நிலைக்குத்தாகச் செல்வதை நிரல் என்றும் குறிப்பிடுவோம்.

ஒப்பமாக்கல் என்பது, ஒவ்வொரு கட்டத்தின் எண்ணுக்கும் பதிலாக, அதனையும் அதன் சுற்றத்தையும் சேர்த்துக் கண்ட சராசரியை இடுவதாகும். அண்மையிலுள்ள கட்டத்துக்கு அதிக நிறையும் சேய்மையிலுள்ளதற்குக் குறைந்த நிறையும் கொடுப்பது இயல்பு. இந்நிறைகளின் சதுர அட்டவணையே கேர்னல் எனப்படுவது. நாம் இதனை நிறையட்டவணை என வழங்குவோம். பெரிதும் பயன்படுவனவற்றுள் ஒன்று, ஐந்து நிரையும் ஐந்து நிரலும் கொண்ட பின்வரும் அட்டவணை:

```
1   4   6   4  1
4  16  24  16  4
6  24  36  24  6
4  16  24  16  4
1   4   6   4  1
```

இதிலுள்ள எண்களின் கூட்டுத்தொகை 256. ஆகவே, ஒவ்வோர் எண்ணையும் அதற்கு நேராக உள்ள கட்டத்தின் பெறுமானத்தாற் பெருக்கி, யாவற்றையுங் கூட்டி, 256 ஆல் வகுத்தால் நிறையேற்றிய சராசரி பெறப்படும். நிறைகள் 25 ஆதலின், ஒரு கட்டத்துக்கு 25 பெருக்கல்கள் வேண்டும்.

அட்டவணையைச் சற்று உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். இரண்டாம் நிரை முதல் நிரையின் நான்கு மடங்கு. மூன்றாவது அதன் ஆறு மடங்கு. நான்காவது மீண்டும் நான்கு மடங்கு, ஐந்தாவது முதலாவதே. அதாவது, 25 எண்கள் இருப்பினும் அவை யாவும் 1, 4, 6, 4, 1 என்னும் ஐந்து எண்களிலிருந்தே பிறந்தவை. நிரைக்குரிய எண்ணையும் நிரலுக்குரிய எண்ணையும் பெருக்கினால் அவ்விடத்து நிறை கிடைத்துவிடும். 6 ஐயும் 4 ஐயும் பெருக்க 24. 6 ஐயும் 6 ஐயும் பெருக்க 36. இவ்வியல்பினையே பிரிபடுதன்மை என்கிறோம். நிரைகள் யாவும் ஒன்றுக்கொன்று மடங்குகளாக இருக்குமாயின் அட்டவணை பிரிபடும். ஒரு நிரையேனும் அவ்வாறு இல்லையாயின் பிரிபடாது. சோதனை இவ்வளவே.

2. இரண்டு ஓட்டங்கள்

ஓர் எடுத்துக்காட்டினை முழுமையாகச் செய்து பார்ப்போம். மெய்யெழுத்தின் மேல் இடப்படும் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். அப்புள்ளி மூன்று கட்ட அகலமும் மூன்று கட்ட உயரமும் கொண்டது என்க. அங்குலத்துக்கு 300 கட்டங்கள் என்ற அளவில் வருடப்பட்ட பக்கத்தில் மூன்று கட்டங்கள் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் ஆகும். அதன் ஒன்பது கட்டங்களிலும் 256, சுற்றிலும் 0.

முதல் ஓட்டம் நிரைவழியே செல்கின்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு எனக் கட்டங்களைச் சேர்த்து, 1, 4, 6, 4, 1 என்ற நிறைகளாற் பெருக்கி, 16 ஆல் வகுக்கிறோம். மை உள்ள நிரையின் நடுக்கட்டத்தில் 4, 6, 4 ஆகிய நிறைகள் மையின்மேல் விழுகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 14. 256 இல் 16 இன் 14 பங்கு 224. பக்கத்துக் கட்டத்தில் 6, 4, 1 விழுதலின் 11 பங்காகிய 176. அதற்கடுத்து 80; கடைசியில் 16. ஆகவே மை இருந்த மூன்று நிரைகளும் ஒவ்வொன்றும் இவ்வாறு அமையும்:

```
16  80  176  224  176  80  16
```

இரண்டாம் ஓட்டம் இவ்விடைவிளைவின்மேல் நிரல்வழியே செல்கின்றது. நடு நிரலில் 224 மூன்று முறை அடுக்காக உள்ளது. அதன் மையத்தில் மீண்டும் 14 பங்கு கொள்ள, 196 வருகின்றது. மையத்துக்கு மேலும் கீழும் 11 பங்காகிய 154. புள்ளியின் மூலைகளில் 176 இன் 11 பங்காகிய 121.

இனி நேர்முறையிற் சரிபார்ப்போம். மையத்திலே புள்ளியின் ஒன்பது கட்டங்களும் அட்டவணையின் நடு ஒன்பது நிறைகளின் கீழ் அமைகின்றன. 16, 24, 16, 24, 36, 24, 16, 24, 16 ஆகியவற்றைக் கூட்ட 196. இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருகின்றன. இது அண்ணளவான ஒற்றுமையன்று. பிரிபடும் அட்டவணை எதுவாயினும் இரண்டு ஓட்டங்களின் விடை நேர்முறையின் விடையே.

3. மிச்சம் எங்கிருந்து வருகின்றது

நிரையோட்டத்தில் ஒரு கட்டத்துக்கு 5 பெருக்கல்கள்; நிரலோட்டத்தில் 5. மொத்தம் 10. நேர்முறையில் 25. பொதுவாக, அட்டவணையின் அகலம் n எனின், நேர்முறைக்கு n × n பெருக்கல்களும் இரண்டு ஓட்டங்களுக்கு 2 × n பெருக்கல்களும் வேண்டும். ஆகவே வேலை n/2 மடங்கு குறைகின்றது. அகலம் 3 எனின் 9 இற்குப் பதிலாக 6. அகலம் 11 எனின் 121 இற்குப் பதிலாக 22. அகலம் கூடுந்தோறும் மிச்சமும் கூடுகின்றது.

இம்மிச்சத்தின் ஊற்று எது? மேலே கண்ட 224 என்ற எண்ணை நினைவு கூர்வோம். அது ஒரு முறை கணிக்கப்பட்டு எழுதி வைக்கப்பட்டது. நிரலோட்டத்தில் அதனை அதன் இடத்துக்குரிய கட்டம் மாத்திரமன்றி, மேலுள்ள இரண்டும் கீழுள்ள இரண்டும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. நேர்முறையிலோ அவ்வைந்து கட்டங்களும் அதே நிரையின் கூட்டுத்தொகையைத் தனித்தனியே, முன்னொருவர் அதனைச் செய்து முடித்தமையை அறியாதவைபோல, மீண்டும் மீண்டும் கணிக்கின்றன. வேறுபடுவது இறுதி நிறை மாத்திரமே. ஒரு முறை செலவிடப்பட்ட உழைப்பு இடைவிளைபொருளிற் சேமிக்கப்பட்டு, பல பயன்களுக்கு உதவுகின்றது என்பதே இங்குள்ள பொருளியல். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தைப் புதிதாகக் கோக்காமல், ஒரு முறை கோத்த படிவத்தைக்கொண்டு பல பிரதிகளை அச்சிடுவது போன்றது இது.

சேமிப்புக்கு ஒரு விலையுமுண்டு. இடைவிளைவை வைத்திருக்க இடம் வேண்டும். அதனைச் சரியாக வைத்திருக்கவும் வேண்டும். வழக்கமாக நிகழும் தவறுகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிகழ்கின்றன.

முதலாவது, இடைவிளைவை முழுவெண்ணாக வெட்டிவிடுதல். 10 என்ற மங்கலான பெறுமானமுடைய தனிக்கட்டம் ஒன்றின்மேல் நிரையோட்டம் சென்றால் 0.625, 2.5, 3.75, 2.5, 0.625 என்பன கிடைக்க வேண்டும். பின்னங்களை வெட்டினால் 0, 2, 3, 2, 0 ஆகும். பத்து அலகு மையில் மூன்று அலகு காணாமற் போய்விட்டது. இதற்குப் பரிகாரம் எளிது. முதல் ஓட்டத்தில் 16 ஆல் வகுக்காது கூட்டுத்தொகையையே வைத்திருந்து, இரண்டாம் ஓட்டத்தின் முடிவில் ஒரே முறையாக 256 ஆல் வகுத்தல் வேண்டும். வழக்கமான எட்டுப் பிற்றுப் படிமத்தில் உச்சப் பெறுமானம் 255 ஆதலின், கூட்டுத்தொகை 65,280 ஐத் தாண்டாது. பதினாறு பிற்று இடத்தில் அது அடங்கிவிடும்.

இரண்டாவது, நிரையோட்டத்தின் விளைவை மூலப்படிமத்தின்மேலேயே உடனுக்குடன் எழுதுதல். அவ்வாறு செய்யின் அடுத்த கட்டம் தன் இடப்புறத்தில் மூலப் பெறுமானத்தைக் காணாது, ஏற்கெனவே மாற்றப்பட்டதையே காணும். மை ஒரு பக்கமாக இழுபடும்.

இவ்விரு தவறுகளையும் கண்டுகொள்ள ஒரு சோதனை போதும். வெறுமையான படிமத்தின் நடுவே ஒரேயொரு கட்டத்தில் 256 ஐ இட்டு இரண்டு ஓட்டங்களையும் நடத்துக. நாம் தொடக்கத்திற் கண்ட நிறையட்டவணையே, 36 நடுவில் அமைய, விடையாக வருதல் வேண்டும். அது சமச்சீர் இழந்திருந்தால் மேலெழுதல் நிகழ்ந்துள்ளது. பின்னர் அதே கட்டத்தில் 10 போன்ற சிறிய எண்ணை இட்டு, இறுதி வகுத்தலுக்கு முன் கூட்டுத்தொகையை நோக்குக. 256 ஆல் வகுத்தால் அது 10 இற்குக் குறையுமாயின் இடையிலே வெட்டு விழுந்துள்ளது.

4. பிரிபடாதவை

எல்லா ஒப்பமாக்கலும் இவ்வாறு பிரிபடும் என்று கொள்ளலாகாது. நடுக்கட்டத்துக்கும் அதன் நான்கு பக்கங்களுக்கும் மட்டும் 1 கொடுத்து, மூலைகளுக்கு 0 கொடுக்கும் சிலுவை வடிவ அட்டவணையை நோக்குக. அதன் முதல் நிரை 0, 1, 0. இரண்டாவது 1, 1, 1. ஒன்று மற்றதன் மடங்கன்று. ஆகவே அது பிரிபடாது. இத்தகையதை இரண்டு பிரிபடும் அட்டவணைகளின் கூட்டாக எழுதலாமெனினும், அகலம் மூன்றில் அது 12 பெருக்கல்களைக் கேட்கும்; நேர்முறையோ 9 உடன் முடிந்துவிடும்.

துகள்களை நீக்குவதற்குப் பெரிதும் விரும்பப்படும் இடையம் இன்னொரு வகையானது. சுற்றத்திலுள்ள எண்களை ஏறுவரிசையில் வைத்து நடுவிலுள்ளதைத் தெரிவது அது. அங்கே பெருக்கலுமில்லை, பிரிபடுதலுமில்லை. மூன்றுக்கு மூன்றான சதுரத்தில் முதலிரு நிரைகள் 1, 1, 0 ஆகவும், கடைசி நிரை 0, 0, 0 ஆகவும் இருப்பின், ஒன்பதில் நான்கே 1 ஆதலின் இடையம் 0. ஆனால் நிரைகளின் இடையங்களை முதலிற் கண்டால் 1, 1, 0. அவற்றின் இடையமோ 1. நிரையாகவும் நிரலாகவும் பிரித்தமையால் விடையே மாறிவிட்டது. சராசரியில் இயன்றது இடையத்தில் இயலாமைக்குக் காரணம், சராசரி கூட்டலும் பெருக்கலும் மட்டுமாக அமைவதும், இடையம் ஒப்பிட்டுத் தெரிதலாக அமைவதுமே.

1, 4, 6, 4, 1 என்பது பஸ்காலின் முக்கோணியில் வரும் ஈருறுப்புக் குணகங்களாகும். முக்கோணியிற் கீழே செல்லச் செல்ல அவை கௌசிய வளையியை நெருங்குகின்றன. எத்திசையிலும் ஒரே அளவாகப் பரவுதலும் நிரை நிரலாகப் பிரிபடுதலும் ஒருங்கே அமைந்த ஒப்பமாக்கல் வடிவம் கௌசிய வளையி ஒன்றே. இவ்விரு நிபந்தனைகளையே கொண்டு, வாயு மூலக்கூறுகளின் வேகப் பரம்பலை மாக்ஸ்வெல் 1860 இல் வருவித்தார். ஒப்பமாக்கலிற் கௌசியன் பெற்றுள்ள இடத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

5. மிச்சத்தின் எல்லை

இதுவரை கண்டது கணிப்பின் இலாபம். அவ்விலாபம் பக்கத்துக்கு என்ன செய்கின்றது என்பதை இனி நோக்குவோம்.

ஒப்பமாக்கிய பின், 128 அல்லது அதற்கு மேற்பட்டதை மை என்றும், குறைந்ததைத் தாள் என்றும் தீர்மானிப்போமாக. ஒற்றைக் கட்டத் துகள் 36 ஆகக் குறைந்து மறைகின்றது. மூன்று கட்டப் புள்ளியில் மையமும் நான்கு பக்கங்களும், முறையே 196, 154 எனத் தப்புகின்றன. 121 ஆகிய மூலைகள் மட்டும் உதிர்கின்றன. துகள் போயிற்று, புள்ளி நின்றது. அகலம் ஐந்தான அட்டவணை தன் பணியைச் செவ்வனே செய்துள்ளது.

துகள்கள் இன்னும் பெரியனவாயின் அட்டவணையை அகலப்படுத்தத் தோன்றும். அதே முக்கோணியிலிருந்து ஒன்பது எண்களை எடுத்தால், புள்ளியின் மையம் 129 ஐச் சற்றே தாண்டும். ஒன்பது கட்டங்களில் அந்த ஒன்று மட்டுமே எஞ்சும். பதினொன்றை எடுத்தால் நடு மூன்று எண்களும் 210, 252, 210; கூட்டுத்தொகை 672; மொத்தமோ 1024. இரண்டு ஓட்டங்களின் பின் மையத்தின் பெறுமானம் 110 அளவிற்கு இறங்கும். புள்ளி முழுவதும் மறைந்துவிடும். ஆனால் அதே மூன்று கட்ட அகலமுடைய நீண்ட கோடு மறையாது. அதன் நீளவாக்கில் இழப்பில்லை. குறுக்காக மட்டுமே இழப்பு நேர்கின்றது. ஆகவே அதன் நடு 168 இல் நிற்கும். எழுத்தின் உடல் நிலைக்க, புள்ளி மட்டும் அழிகின்றது. பக்கம் முன்னிலும் தூய்மையாகக் காட்சியளிக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் சேதத்தை உணரார்.

இச்சேதத்தின் தன்மை தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதன்று. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாது எழுதினர். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் போன்ற பதிப்பாசிரியர்கள் இடமறிந்து சொல்லைத் தீர்மானிக்க வேண்டியவராயினர். அச்சு அவ்வையத்தைப் போக்கியது. இப்போது அகன்ற நிறையட்டவணை ஒன்று அச்சுப் பக்கத்தை மீண்டும் ஏட்டின் நிலைக்குக் கொண்டுசெல்கின்றது. 'மண்' 'மண' ஆகின்றது. 'கல்' 'கல' ஆகின்றது. மனித வாசகர் சூழலறிந்து திருத்திக்கொள்வார். தேடுபொறியோ திருத்தாது. 'வேலைநிறுத்தம்' என்று தேடுபவருக்கு, இரு புள்ளிகளையும் இழந்த அச்சொல் அகப்படாது.

இழப்பு எல்லா எழுத்துக்களையும் ஒருபடித்தாய்த் தாக்குவதுமில்லை. தலைப்பெழுத்தில் ஒன்பது கட்ட அகலமுள்ள புள்ளி பதினொன்றான அட்டவணையினாலும் ஏறத்தாழ எதையும் இழக்காது. அழிவது சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டதே. அமைச்சரின் உரை தலைப்பெழுத்தில் வந்திருக்கலாம். தொழிற்சங்கக் கூட்ட அறிவித்தலும் வாசகர் கடிதமும் சிற்றெழுத்திலேயே வந்திருக்கும். சமூக வரலாற்றை எழுத முனைவோருக்கு வேண்டியவை பெரும்பாலும் பின்னவையே. துகள் நீக்கம் என்ற பெயரில் நிகழும் இத்தெரிவு தொழினுட்ப அளவில் நடுநிலையானதுபோற் தோன்றினும், விளைவில் நடுநிலையானதன்று.

இங்கே உழைப்புச் சிக்கனம் மீண்டும் வந்து சேர்கின்றது. ஏ-4 அளவான பக்கத்தை 300 என்ற அளவில் வருடினால் 2480 நிரல்களும் 3508 நிரைகளுமாக, ஏறத்தாழ 8.7 மில்லியன் கட்டங்கள் உண்டாகும். அகலம் ஐந்தான அட்டவணையை நேர்முறையிற் செலுத்த ஏறத்தாழ 217 மில்லியன் பெருக்கல்கள் வேண்டும். அகலம் பதினொன்றானதை இரண்டு ஓட்டங்களிற் செலுத்தவோ 191 மில்லியன் போதும். புள்ளியைக் காக்கும் குறுகிய அட்டவணையின் பழைய விலையிலும், புள்ளியை அழிக்கும் அகன்ற அட்டவணையின் புதிய விலை குறைவு. நேர்முறையில் அகலத்துக்கு அதன் செலவே ஓர் அணையாக இருந்தது; அந்த அணை இப்போது இல்லை.

ஆகவே அட்டவணையின் அகலத்தை எழுத்தே தீர்மானித்தல் வேண்டும். பக்கத்தின் மிகச் சிறிய எழுத்திலுள்ள புள்ளி எத்தனை கட்ட அகலமுடையது என்பதை முதலில் அளத்தல் வேண்டும். அப்புள்ளியின்மேல் விழும் நடு நிறைகளைக் கூட்டி, மொத்தத்துக்கு அதன் விகிதத்தைக் கண்டு, அவ்விகிதத்தை அதனாலேயே பெருக்கி, 256 இல் அத்துணைப் பங்கு 128 ஐத் தாண்டுகின்றதா என நோக்குதல் வேண்டும். தாண்டாதாயின் அகலத்தைக் குறைக்க வேண்டும். அல்லது பக்கத்தைக் கூடிய நுணுக்கத்தில் மீண்டும் வருட வேண்டும். அங்குலத்துக்கு 600 கட்டங்கள் என வருடினால் அதே புள்ளி ஆறு கட்ட அகலம் பெறும். கட்டங்கள் நான்கு மடங்காகும். அகலம் ஐந்தான அட்டவணைக்கு இரண்டு ஓட்டங்களிலும் ஏறத்தாழ 348 மில்லியன் பெருக்கல்கள் தேவைப்படும். நேர்முறையில் அது 870 மில்லியனாக இருந்திருக்கும். இரண்டு ஓட்டங்களால் மிஞ்சிய உழைப்பை அட்டவணையை அகலிப்பதற்கன்றிப் பக்கத்தை நுணுக்கமாகப் பதிவதற்குச் செலவிடுவோமாயின், சிற்றெழுத்தின் புள்ளி தப்பும்.